கீழிலைகள் உதிரும்போது

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய வீடுகளுக்குப் போனால், றப்பர் செடி வைத்திருப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வீடு மாறினோம், செடியையும் கொண்டுவந்தோம், இப்போது இலை கொட்டுகிறது, செத்துப்போகுமா? கேட்டுக்கொண்டே விழுந்த இலைகளைப் பொறுக்கி வந்து காட்டுவார்கள். சிலர் அவற்றை எண்ணியும் வைத்திருப்பார்கள். செடியின் நுனியைக் காட்டியவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் கேள்விக்கான பதிலில் பாதிக்குமேல் அந்த நுனியில்தான் இருக்கிறது. விழுந்த இலை பழைய இடத்தைப் பற்றிய செய்தி. புதிய இடத்தில் செடி பிழைக்குமா என்பதை இனி வரப்போகும் இலைதான் சொல்லும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டும் றப்பர் மரம் வேறு, நம் விறாந்தையில் நிற்கும் றப்பர் செடி வேறு. தோட்டத்து மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து கப்பலேறி ஹெனரத்கொடையில் நடப்பட்ட கன்றுகளோடு அதன் இலங்கை வரலாறு தொடங்குகிறது. அந்த மரம் ஆண்டுதோறும் தை, மாசியை ஒட்டித் தன் இலைகளையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்று, பிறகு தளிர்க்கும். தோட்டப்பகுதியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் அதை நினைத்துக்கொண்டு, "றப்பர் என்றால் இலை கொட்டத்தானே செய்யும்" என்று ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஆறுதல் இந்தச் செடிக்குப் பொருந்தாது. இது ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் உடன்பிறப்பு. தாவரவியல் இதை பைகஸ் எலாஸ்டிக்கா என்கிறது. அசாம், மேகாலயா, மியன்மார்ப் பக்கத்து ஈரக் காடுகள் இதன் சொந்த ஊர். பேராதனைப் பூங்காவில் பாம்புகளைப்போல நிலத்தின்மேல் வேர் பரப்பி நிற்கும் பெருமரங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் உண்மையான உருவம் தெரியும். தன் இயல்பில் இது என்றும் பசுமையாக நிற்கும் மரம். இலை உதிர்க்கும், ஆனால் மொட்டையாகாது.

அந்தக் காட்டு வாழ்க்கையில் ஒரு விபரம் நமக்கு வேண்டியது. இதன் விதை பெரும்பாலும் மண்ணில் முளைப்பதில்லை. பறவை தின்று எச்சமிட்ட விதை இன்னொரு மரத்தின் கிளைக்கவட்டில், சிறிது மக்கிய குப்பையில் முளைக்கும். அங்கிருந்து வேர்கள் காற்றில் தொங்கி இறங்கி ஒருநாள் நிலத்தைத் தொடும். மேகாலயாவில் காசி மக்கள் அந்த வேர்களைத் திருப்பிவிட்டு ஆற்றின் குறுக்கே உயிருள்ள பாலங்களாக வளர்த்தெடுக்கிறார்கள். இப்படி, காற்றோட்டத்தில் பாதி வாழ்நாளைக் கழிக்கும் வேரைத்தான் நாம் சாடியில் அடைத்து, அடியில் தட்டு வைத்து, தட்டில் தண்ணீரும் தேங்க விடுகிறோம்.

இலை எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காற்று பிய்த்துக்கொண்டு போனால் அது முறிவு. உதிர்வு அப்படியல்ல, அதைச் செடியே செய்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய படையாகச் சில கலங்கள், இலை பிறந்த நாளிலிருந்தே, வெட்டுவதற்கென்று குறித்துவைக்கப்பட்டிருக்கின்றன. இலைப்பரப்பு நலமாக இருக்கும்வரை அதிலிருந்து ஒட்சின் என்னும் ஓமோன் காம்பு வழியாகத் தண்டை நோக்கி வந்துகொண்டே இருக்கும். அந்த வரத்து இருக்கும்வரை வெட்டுப்படை உறங்கும். இலை மூப்படைந்தாலோ, ஒளி போதாமல் அதன் உழைப்புக் குறைந்தாலோ, வேர் நலிந்தாலோ ஒட்சின் வரத்துக் குறையும். அப்போது எதிலீன் என்னும் வாயுவின் பேச்சு அந்தக் கலங்களின் காதில் ஏறத் தொடங்கும். நொதியங்கள் சுரந்து, கலத்தையும் கலத்தையும் ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும். தண்டின் பக்கத்தில் தக்கைபோன்ற ஒரு மூடி உருவாகும். பிறகு இலையின் சொந்தப் பாரமே அதை இறக்கிவிடப் போதும்.

எதிலீனுக்கு இதில் பங்குண்டு என்பது தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கான வாயுக்குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் இலை கொட்டின. 1901இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நெல்ஜூபோவ் என்ற இளம் ஆய்வாளர், அந்த வாயுவில் தாவரங்களைக் குழப்பும் பொருள் எதிலீனே என்று காட்டினார். பழுக்கும் வாழைக்குலையும் இதே வாயுவை வெளிவிடுகிறது, வண்டிப் புகையிலும் இது உண்டு. வீடு மாறும்போது மூடிய வானுக்குள் வாழைக்குலையையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

இந்தச் செயல்முறையில் நாம் கவனிக்கவேண்டியது அது எடுக்கும் காலம். வெட்டுப்படை விழிப்பதற்கும் இலை விழுவதற்கும் இடையே பல நாட்கள் ஓடிவிடும். இன்று விழும் இலை, நீங்கள் நேற்றுச் செய்ததற்கான பதிலாக இருப்பது அரிது. அது போன வாரத்துக்கோ அதற்கு முந்திய வாரத்துக்கோ உரிய பதில். பதறியவர்கள் இதை மறந்துவிட்டு, இன்று உதிர்ந்த இலைக்காக இன்றே தண்ணீரைக் கூட்டி, நாளை உரம் போட்டு, மறுநாள் சாடியை மாற்றுகிறார்கள். இடமாற்றத்தால் செத்த றப்பர் செடிகளைவிட இடமாற்றத்துக்கான வைத்தியத்தால் செத்தவையே அதிகம் என்பது என் துணிபு.

சரி, ஏன் கீழிலை? அது வயதில் மூத்தது, மேலிலைகளின் நிழலில் நிற்பது. ஒவ்வோர் இலையும் ஒளியில் உணவு ஆக்குகிறது. இரவும் பகலும் சுவாசித்து அதில் ஒரு பகுதியைச் செலவும் செய்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஒரு குறைந்தபட்ச ஒளி உண்டு. அதற்குக் கீழே போனால் இலை செடிக்குச் சுமை. வெயிலில் விரிந்த இலை தடித்தது, ஒளியை அள்ளும் கலங்கள் அதில் நெருக்கம், ஆகவே அதன் அன்றாடச் செலவும் பெரிது. நிழலில் விரிந்த இலை மெலிந்தது, சிறிய வரவிலும் காலந்தள்ளும். பிரச்சினை என்னவென்றால், விரிந்து முதிர்ந்த இலை தன் கட்டமைப்பைப் பெரிதாக மாற்றிக்கொள்ளாது. வெயில் இலையை இருட்டு அறைக்குக் கொண்டுபோனால் அது வெயில் இலையாகவே கடன்பட்டு நிற்கும். ஆகவே செடி கடைசியில் நிற்பதிலிருந்து கணக்கை முடிக்கிறது. முடிப்பதற்கு முன் அந்த இலையிலுள்ள நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவற்றில் எடுக்கக்கூடியதை எடுத்து நுனிக்கு அனுப்பிவிடுகிறது. உதிருமுன் இலை மஞ்சளாவது அந்த மீட்பின் நிறம்தான்.

1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில், அப்பொப்காவிலிருந்த ஆய்வுநிலையத்தில் கொனோவரும் பூலும் வீட்டுச் செடிகளின் இந்தச் சிக்கலில் நிறைய வேலை செய்தார்கள். திறந்த வெயிலில் தளதளவென்று வளர்ந்த பைகஸ் மரக்கன்றுகளை நகரத்துக் கட்டடங்களுக்குள் கொண்டுபோனதும் அவை இலையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தன. விற்பதற்கு முன் சில மாதங்கள் நிழல்வலையின்கீழ், உரத்தைக் குறைத்து வளர்த்தால் உதிர்வு வெகுவாகக் குறைகிறது என்பதே அந்த ஆய்வுகளிலிருந்து நாற்றுமேடைக்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம். அந்த ஆய்வுகளில் அதிகம் அடிபட்டது இதன் சகோதரியான பெஞ்சமினா. அவளைவிட நம்முடையவள் கொஞ்சம் உறுதியானவள். ஆனால் விதி இருவருக்கும் ஒன்று.

எவ்வளவு ஒளி குறைகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் அளவில் இருக்கும். திறந்த விறாந்தையின் நிழலில் 10,000 அளவில் கிடைக்கலாம். திரைச்சீலை போட்ட யன்னலிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி, சுவரோரத்தில், பல வீடுகளில் 200, 300தான். நம் கண்மணி விரிந்து கொடுத்துவிடுவதால் அந்த மூலையிலும் பத்திரிகை வாசிக்க முடிகிறது. செடிக்கும் அது போதும் என்று நினைத்துவிடுகிறோம். கைத்தொலைபேசியில் ஒளிமானி போடத் தெரியாதவர்கள் நண்பகலில் செடி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல் விழுந்தால் நல்ல ஒளி. கலங்கிய கருமை மட்டும் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் றப்பர் செடிக்கு ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் செடியை வைத்து இதை விளக்குகிறேன். அவர் உவர்மலையில் கிழக்கு பார்த்த விறாந்தையுள்ள வீட்டிலிருந்து, உட்துறைமுக வீதிப் பக்கத்தில் ஒரு கீழ்த்தள வீட்டுக்கு ஆடி மாதத்தில் குடிபோனார். ஐந்தடிச் செடி, 14 அங்குலச் சாடி, 26 இலைகள். தளபாடங்களோடு திறந்த லொறியில் ஏற்றி வந்து, வடக்கு யன்னலுக்கு எதிர்ச்சுவரோரம் வைத்தார்கள். நான் போனபோது 15 இலைகள் மிஞ்சியிருந்தன.

"தம்பி, தண்ணியும் கூட ஊத்தினேன், உரமும் போட்டேன், பிறகும் கொட்டுது. அங்க இருக்கேக்க ஒரு இலை விழேல்ல," என்றார்.

"விழுந்திருக்கு அக்கா. நீங்க கவனிக்கேல்ல," என்று சொல்லித் தண்டைக் காட்டினேன்.

இந்தச் செடியின் தண்டு ஒரு பதிவேடு. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு அடையாளங்கள் இருக்கும். இலை நின்ற இடத்தில் முட்டை வடிவத் தழும்பு ஒன்று. தண்டைச் சுற்றி மோதிரம்போல ஒரு கோடு. அந்தக் கோடு, நுனியிலே சிவப்பாக ஊசிபோல நிற்கும் உறையின் தழும்பு. இலை விரியும்போது உறை கழன்று விழும். அந்தக் காய்ந்த சிவப்புச் சுருளைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, அது செடி வளர்கிறது என்பதற்கான சாட்சி. அக்காவின் செடியில் அடியிலிருந்து மூன்று தழும்புகள் சாம்பல் நிறமாகி, சொரசொரப்பாகி, தண்டின் பட்டையோடு பட்டையாகிப்போயிருந்தன. அவை உவர்மலை விறாந்தையில், ஆண்டுக்கணக்கில், ஒவ்வொன்றாக விழுந்தவை. அதுதான் இயல்பான உதிர்வு: அடியில் ஒன்று மஞ்சளாகும், விழும், மேலே அதற்கிடையில் ஒன்றோ இரண்டோ விரிந்திருக்கும், வீட்டுக்காரர் கூட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் வந்த தழும்புகள் வெளிறியும், ஓரத்தில் உலர்ந்த பால் ஒட்டியும் இருந்தன. இவை புதியவை. கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலான தூரமும் ஒரு செய்தி. இங்கே இடைவெளி குறுகியிருந்தது. நல்ல ஒளியில் வளர்ந்த தண்டு அது. ஆகவே அதிலுள்ளவை செலவு கூடிய வெயில் இலைகள்.

விழுந்த பதினொன்றையும் அக்கா ஒரு கடகத்தில் போட்டு வைத்திருந்தார். அவை ஒரே காரணத்தால் விழுந்தவை அல்ல. மூன்று இலைகள் பச்சையாகவே காய்ந்திருந்தன, ஓரம் கிழிந்து உள்நோக்கிச் சுருண்டிருந்தது. வந்த முதல் சில நாட்களில் விழுந்தவை, தண்டின் பல உயரங்களிலிருந்து. அவை லொறிப் பயணத்தின் கணக்கு. கச்சான் என்பது மத்திய மலைநாட்டைத் தாண்டி, தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, காய்ந்து சூடாகி நம் கரைக்கு வரும் காற்று. அந்தக் காற்றில், ஓடும் வண்டியின் வேகமும் சேர, ஒரு பயணத்திலேயே இலை வேர் கொடுப்பதைவிட வேகமாக நீரிழக்கும். ஒரு பழைய போர்வையால் சுற்றிக் கொண்டுவந்திருந்தால் இந்த மூன்றும் நின்றிருக்கும்.

அடுத்த ஐந்து இலைகள் முழுதும் ஒரே சீராக மஞ்சளானவை. அடியிலிருந்து மேல்நோக்கி வரிசை பிசகாமல், இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தவை. தொட்டால் கையோடு வந்தன, தழும்பில் பால் கசியவில்லை என்றார் அக்கா. அது முக்கியமான விபரம். இந்த மரத்தின் பால் காயத்தை அடைப்பதற்கானது. 1810இல் கல்கத்தாவிலிருந்த ரொக்ஸ்பரோவுக்குச் சில்ஹட்டிலிருந்து தேன் நிறைத்த ஒரு கூடை வந்தது. பிரம்புக்கூடை ஒழுகாமல் இருந்ததற்குக் காரணம், உள்ளே பூசியிருந்த இந்த மரத்தின் பால் என்பதைக் கண்டுதான் அவர் அந்த மரத்தைப் பற்றி அறிய முற்பட்டார். அப்படிப்பட்ட பால், பச்சை இலையை இழுத்துப் பிய்த்தால் உடனே துளிர்த்து நிற்கும். மூடி உருவான பிறகு விழும் இலையின் தழும்பு உலர்ந்து கிடக்கும். ஆகவே இந்த ஐந்தும் ஒளிக்குறைவுக்காகச் செடி தானே முடித்துக்கொண்ட கணக்கு. நெருக்கடியால் வந்ததுதான், ஆனால் ஒழுங்கான உதிர்வு. இயல்பான மூப்பிலிருந்து இதைப் பிரித்தறிய இலையின் தோற்றம் உதவாது, இரண்டும் ஒரேமாதிரித்தான் இருக்கும். வேகம்தான் பிரித்துக் காட்டும், மேலே புதியது வருகிறதா என்பதும்.

என்னைக் கவலைப்பட வைத்தவை கடைசி மூன்று. அவை ஒரே வாரத்தில் விழுந்தவை. மஞ்சளோடு கருமை கலந்த திட்டுகள், தொட்டால் கொழகொழப்பு. வரிசையும் தப்பியிருந்தது, ஒன்று நடுத்தண்டிலிருந்து வந்தது. சாடியைச் சாய்த்துப் பார்த்தேன், கல்போலக் கனத்தது. ஒரு ஈர்க்கைச் சாடியின் ஓரமாக அடிவரை குத்தி எடுத்தபோது முழு நீளத்துக்கும் கறுத்த மண் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டில் தண்ணீர் நின்றது, அதில் குளத்துச் சேற்று நாற்றம். விறாந்தையில் காலை வெயிலும் காற்றும் படும்போது நாளொன்றுக்கு ஊற்றிய தண்ணீரை, உழைப்புக் குறைந்து நிற்கும் இந்த அறையில் செடியால் குடித்து முடிக்க முடியவில்லை. இலை விழுந்ததும் குடிக்கும் பரப்பு இன்னும் குறைந்தது. அக்காவோ அப்போதுதான் தண்ணீரைக் கூட்டினார். காற்றில் தொங்கிப் பழகிய வேர் மூச்சுமுட்டத் தொடங்கியது.

பிறகுதான் நுனியைப் பார்த்தோம். சிவப்பு உறை குடிபோன நாளில் இருந்த அளவிலேயே நின்றது. ஆனால் சுருங்கவில்லை, விரலால் மெல்ல அழுத்தினால் உறுதியாக இருந்தது. நகத்தால் தண்டின் பட்டையை ஒரு பொட்டளவு சுரண்டியதும் பச்சை தெரிந்தது, பால் துளிர்த்தது. செடி வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறது, உயிரை விடவில்லை. உறை கறுத்து வாடியிருந்தால், சுரண்டிய இடம் மண்ணிறமாகிப் பால் வராமல் இருந்தால், இன்னும் கீழே கீழே சுரண்டிப் பச்சை எங்கே தொடங்குகிறது என்று தேடியிருக்க வேண்டும். (இந்தப் பால் சிலருக்குத் தோலில் கடிக்கும், கண்ணில் படவே கூடாது. கையைக் கழுவிவிடுங்கள்.)

செய்தது அதிகமில்லை. சாடியிலிருந்து மண்கட்டியோடு செடியை இறக்கினோம். மேலே இருந்த வேர்கள் வெளிர் மண்ணிறத்தில் விறைப்பாக இருந்தன. அடியில் ஒரு கைப்பிடியளவு வேர் கறுத்திருந்தது. பிடித்து இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சியது. அவற்றை மட்டும் வெட்டினோம். அக்கா போட்ட உரக்குருணிகள் கிடந்த மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தோம், வளராமல் நிற்கும் செடிக்கு உரம் வேரைச் சுடும் உப்பு மட்டுமே. அதே சாடியில், அடியில் தும்புத்தூளும் பெருமணலும் கலந்த மண்ணை இட்டுத் திரும்ப வைத்தோம். பெரிய சாடிக்கு மாற்றவில்லை. வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சாடியை யன்னலோரம், ஒளி நேராகப் படும் இடத்துக்கு நகர்த்தினோம்.

"திரும்பவும் இடம் மாத்திறதோ?" என்று அக்கா தயங்கினார். தயக்கம் நியாயம்தான், அடிக்கடி இடம் மாற்றுவதைப்போலக் கெடுதல் வேறில்லை. ஆனால் சுவரோர மூலையில் கை நிழலே விழவில்லை. அந்த ஒளியில் எந்த இலையும் தன் செலவை ஈட்டாது. பொருந்தாத இடத்திலிருந்து ஒருமுறை நகர்த்தி, அதோடு நிறுத்திக்கொள்வது என்பதே ஏற்பாடு. வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கவும் யோசித்தார், வேண்டாம் என்றேன். வெளியே கச்சான் நின்றபாடில்லை; நிழலுக்குப் பழகத் தொடங்கிய இலை திடீர் வெயிலில் வெளிறிக் கருகும், அந்தக் கருகல் பிறகு மாறாது.

தண்ணீருக்கு நாள் குறிக்கவில்லை. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, அடித்துளையால் வழியும்வரை ஊற்றுவது, வழிந்ததைத் தட்டிலிருந்து கொட்டிவிடுவது. அந்த அறையில் அது எட்டு, ஒன்பது நாளுக்கு ஒருமுறை என்று அமைந்தது. அதற்குப் பிறகும் இரண்டு இலைகள் விழுந்தன, இரண்டும் அடியிலிருந்து, சீரான மஞ்சளில். அக்கா தொலைபேசியில் பதறினார். அவை முன்பே தீர்மானமானவை என்று சொல்லி உரமும் தண்ணீரும் போடாமல் தடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஐப்பசியில் முதல் மழைக்குப் பின் உறை பிரிந்தது. வந்த இலை முந்தியவற்றைவிடச் சிறியது, மெல்லியது, கரும்பச்சை. நோஞ்சான் என்று அக்கா குறைப்பட்டார். அது அந்த அறைக்கென்று தைத்த இலை, வரவு குறைந்த இடத்தில் செலவு குறைந்த உடம்போடு பிறந்தது.

எல்லாச் செடியிலும் இப்படி மூன்று காரணங்கள் அடுக்கடுக்காகக் கிடைக்காது, ஆனாலும் பார்க்கும் முறை இதுவேதான். உதிர்வு அடியில் மட்டுமா, நடுவிலும் நுனியிலுமா? அடி என்றால் பெரும்பாலும் ஒளியோ மூப்போ, அல்லது நீண்டநாள் உரமே காணாத செடியென்றால் நைதரசன் பஞ்சமோ. முதிய இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மட்டும் மஞ்சளானால் மகனீசியக் குறை. இளம் இலை அப்படி மஞ்சளானால் இரும்புக் குறை. இரும்பைச் செடியால் பழைய இலையிலிருந்து மீட்டெடுக்க முடியாது. நடுவிலிருந்தும் மேலிருந்தும் விழுந்தால் வேரையும் தண்ணீரையும் சந்தேகிக்க வேண்டும். இலை ஒட்டுப்பிசினாக இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிச் செதில்பூச்சியைத் தேடுங்கள், அது வேறு கதை.

துறைமுகப் பகுதிக்கென்று ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். கரையோரத்துக் கிணறுகள் சில கோடையில் உவர்த்துவிடும். அந்தத் தண்ணீரையே ஊற்றிவந்தால் இலையின் ஓரமும் நுனியும் மண்ணிறமாகக் காய்ந்து, பிறகு உதிரும். அதை இடமாற்ற அதிர்ச்சி என்று எண்ணி ஏமாறவேண்டாம். கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீர் போதும், அதில் குளோரின் வாசம் அடித்தால் வாளியில் ஒரு இரவு வையுங்கள். கடற்காற்று இலையில் படியவிடும் உப்பையும் தூசியையும் ஈரத்துணியால் துடைக்கலாம். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் நம்மூரில் உண்டு. இந்த இலை மூச்சுவிடும் துளைகள் அடிப்பக்கத்தில் இருப்பதால் மேலே பூசிய எண்ணெய் அதை மூச்சடைக்கச் செய்யாது. ஆனால் எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும், தூசி ஒளியை மறைக்கும். ஒளிக்காக இலை உதிர்க்கும் செடிக்கு அது கேடுதான். அலுவலகங்களில் ஏசியின் வாய்க்கு நேரே நிறுத்தப்பட்ட செடிகளுக்கோ ஆண்டு முழுவதும் கச்சான்தான்.

அடிஇலை போன தண்டில் அந்த இடத்திலேயே திரும்ப இலை முளைக்காது. வெறுந்தண்டு அழகில்லை என்று நினைப்பவர்களுக்குக் காற்றுப் பதியம் இருக்கிறது. செடி தேறி நன்றாக வளரும் காலத்தில், நுனியிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி கீழே, ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழியும் பாலைத் துடைத்து, நனைத்துப் பிழிந்த தும்புத்தூளைக் கைப்பிடியளவு வைத்து, பொலித்தீனால் சுற்றி இருபுறமும் கட்டிவிடுங்கள். சில வாரங்களில் பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டி நட்டால் புதுச் செடி. மிஞ்சிய அடித்தண்டும் பெரும்பாலும் பக்கத்தில் தளிர்க்கும்.

ஆனி, ஆடி, ஆவணியில் வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்தால் செடியை உறவினர் வீட்டிலோ பழைய வீட்டு விறாந்தையிலோ விட்டுவிட்டு, ஐப்பசி மழை தொடங்கியபின் எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் போர்வையால் சுற்றிக் கொண்டுபோய், புதிய வீட்டின் மிக வெளிச்சமான இடத்தில் முதலில் வையுங்கள், உள்ளே நகர்த்துவதை இரண்டு வாரத்துக்கு ஒரு படியாகச் செய்யுங்கள். நுனியில் ஒரு புதிய இலை முழுதாக விரியும்வரை உரம் போடாதீர்கள், சாடியை மாற்றாதீர்கள்.